ஸ்லைசரை அழுத்தினால் எல்லா சார்ட்டும் மாறுதா?

மளிகைக் கடைக்காரருக்கு எக்ஸெலில் டாஷ்போர்டு செய்து தருபவர்கள், கலரில் காட்டும் அக்கறையை இணைப்பிலும் காட்டணும். அவர் ஸ்லைசரில் ‘எண்ணெய்’ என்று அழுத்துகிறார். விற்பனை சார்ட் மாறி 40,000 ரூபாய் காட்டுது. பக்கத்தில் லாப சார்ட் மாறாமல் 18,000-லேயே நிற்குது. அது முழுக் கடையின் லாபம்! அதை நம்பி எண்ணெயை வாங்கிக் குவித்தால் முதல் முடங்கிடும்.

எந்த பிவட் டேபிளிலிருந்து ஸ்லைசரைப் போட்டோமோ, அதை மட்டும்தான் அது முதலில் கட்டுப்படுத்தும். ஸ்லைசர் மீது ரைட் கிளிக் செய்து, Report Connections-இல் மற்ற பிவட் டேபிள்களையும் டிக் செய்ய வேண்டும்.

ஒப்படைக்கும் முன், மூல டேபிளில் எண்ணெயை மட்டும் ஃபில்டர் செய்து விற்பனை, லாபம் இரண்டையும் கூட்டிப் பார்க்கணும். டாஷ்போர்டோடு ஒத்துப்போகாவிட்டால், அதைக் கடைக்காரர் கையில் கொடுக்கவே கூடாது.