‘எல்லா நாய்க்கும் பொருந்தும்’ என்பது ஒரு விவரமே அல்ல

நாய்க்கான பெல்ட், பந்து, கடிபொம்மை விற்பவர்களிடம் ஒரு வாதம் வேரூன்றிப் போயிருக்கிறது. “எல்லா இனத்துக்கும் பொருந்தும், நச்சற்றது, கடித்தாலும் கிழியாது. அட்டையில் இந்த மூன்று வரி இருந்தால் போதும். அதற்கு மேல் எழுதினால் வாங்க வந்தவர் குழம்பித் திரும்பிப் போய்விடுவார்” என்பார்கள். இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் அந்த மூன்று வரிகளும் சொல்ல வேண்டிய எதையும் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வரி: ‘எல்லா இனத்துக்கும் பொருந்தும்.’ கொஞ்சம் நேர்மையான கடைக்காரர் இதைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, பக்கத்தில் கிலோ கணக்கைப் போடுவார். அதுவும் போதாது. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்கு எடை 20 கிலோ. ‘15 முதல் 25 கிலோ வரை’ என்று எழுதியிருந்த பெல்ட்டை நம்பி வாங்கிக் கட்டினேன். தெருமுனையில் பட்டாசு வெடித்ததும் நாய் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தது. என் கையில் வெறும் பெல்ட்தான் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து தையல் டேப்பால் அளந்தபோது காரணம் புரிந்தது. கழுத்து 36 செ.மீ., காதுக்குப் பின்னால் தலை 37 செ.மீ. இரண்டு விரல் நுழைய இடம்விட்டுக் கட்டினாலே பெல்ட் தலை வழியாகக் கழன்றுவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், மார்பு ஆழம். ஏறக்குறைய அதே எடையுள்ள புல்டாக் நாய்க்கோ கழுத்தே தூண் மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே கிலோ வரிசையில் நிறுத்துவது, உயரமான ஒல்லிப் பையனுக்கும் குட்டையான பயில்வானுக்கும் எடை பார்த்துச் சட்டை தைப்பது போலத்தான்.

பெல்ட்டின் விவரத்தில் இருக்க வேண்டியது குறைந்தபட்ச, அதிகபட்சக் கழுத்துச் சுற்றளவு. மார்புப் பட்டையானால், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் அகலமான இடத்துச் சுற்றளவு. ‘ஒடுங்கிய தலை கொண்ட நாய்களுக்குக் கழன்றுவிடலாம், இழுத்தால் தானே இறுகும் வகை வாங்கவும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கு நான் தெருத் தெருவாக ஓடியிருக்க வேண்டாம்.

பந்தில் இந்தத் தவறு ஓட்டத்தோடு போகாது, உயிரையே பறிக்கும். டென்னிஸ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 6.7 செ.மீ. பக் நாயின் வாயில் அது நுழையவே நுழையாது. வாய் பெரிய நாய்க்கோ கடைவாய்ப் பல்லையும் தாண்டித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு அது. ‘பெரிய நாய்க்கும் ஏற்றது’ என்று எழுதுபவர் விட்டத்தைச் சொல்லாமல் விட்டால், சொல்ல வேண்டிய ஒரே எண்ணை விட்டுவிட்டார் என்று பொருள்.

இரண்டாவது வரி: ‘நச்சற்றது.’ யார் சோதித்தார்கள், எதற்காகச் சோதித்தார்கள் என்ற கேள்விக்கு அட்டையில் பதில் இருக்காது. குழந்தைகளின் பொம்மைக்கு இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருள்களுக்கானது. நாயின் கடிபொம்மை அதில் வராது. அதனால் ‘நச்சற்றது’ என்பது விற்பவரின் வாய்ச்சொல்லாகவே நிற்கிறது. அந்த இடத்தில் பொருளின் பெயரைச் சொல்லிவிடலாமே? இயற்கை ரப்பரா, நைலானா, பி.வி.சி.யா? பி.வி.சி. தன்னளவில் விறைப்பானது. அதை வளைய வைக்கத் தாலேட் என்ற வகை வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. அவற்றில் சிலவற்றைக் குழந்தைகள் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க ஐரோப்பாவில் தடை இருக்கிறது. நாள் முழுக்க வாயில் வைத்துச் சப்பும் நாய்க்கு மட்டும் அதைச் சொல்லாமல் விடுவது எந்த நியாயம்?

இன்னொன்றும் உண்டு. நஞ்சு இல்லாத பொருளும் வயிற்றுக்குள் போனால் ஆபத்தாகலாம். சுத்தமான பருத்திக் கயிற்றில் நஞ்சு எதுவும் இல்லை. ஆனால் நாய் பிய்த்து விழுங்கிய நூலின் ஒரு முனை எங்காவது சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால், நாடா கோத்த பாவாடை சுருங்குவது போலக் குடல் சுருங்கிவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். துத்தநாகம் பூசிய கொக்கி, மணி போன்றவற்றை விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே பொருள் பாதுகாப்பு என்றால் எதனால் செய்தது, பிய்ந்தால் எப்படிப் பிய்யும், உலோகம் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வரி: ‘கடித்தாலும் கிழியாது.’ இது மெய்யானால் அதுதான் பெரிய கவலை. பொம்மை உடையாவிட்டால் பல் உடையும். மான்கொம்பு, மாட்டெலும்பு, கல் மாதிரியான நைலான் இவற்றைக் கடிக்கும்போது மேல்தாடையில் கடைவாய்ப் பக்கம் உள்ள பெரிய பல் ஓடு பெயர்ந்தது போலப் பிளந்துவிடலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாத பொருள் பல்லுக்கு ஆகாது.

நீடித்து உழைப்பது பொருளில் மட்டும் இல்லை. கடிக்கிற வாயிலும் வைக்கிற இடத்திலும் இருக்கிறது. மென்மையாகச் சப்பும் நாயிடம் மாதக்கணக்கில் இருக்கும் ரப்பர் வளையம், விடாமல் மெல்லும் லாப்ரடாரிடம் ஒரு பிற்பகல் தாங்காது. மொட்டை மாடி வெயிலில் கிடக்கும் ரப்பர் வெடிக்கும், நைலான் பட்டை வலுவிழக்கும், பிளாஸ்டிக் கொக்கி நொறுங்கும். ‘நீண்ட நாள் உழைக்கும்’ என்று எழுதுவதைவிட, எந்த அடையாளம் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டும் என்று எழுதுவதுதான் பயன்படும்.

“இத்தனையும் எழுத அட்டையில் இடம் ஏது, படிக்க ஆள் ஏது?” என்பது கடைசி வாதம். ஒரு ரப்பர் பந்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

“இயற்கை ரப்பர், உள்ளீடற்றது, உலோகம் இல்லை. விட்டம் 7.5 செ.மீ. பந்து முழுவதும் வாய்க்குள் போய்விடும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். பக், பொமரேனியன் நாய்களால் கவ்வ முடியாது. நாக்கு உறிஞ்சப்பட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு துளைகள் உள்ளன. எறிந்து விளையாட மட்டும். விடாமல் மெல்லும் நாய் இதைப் பிய்த்துவிடும். வெடிப்போ பிய்ந்த துண்டோ தெரிந்தால் அன்றே எறிந்துவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.”

உள்ளங்கை அளவு அட்டையில் இது அடங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு பக் வளர்ப்பவர் வாங்காமல் போவார் என்பது உண்மைதான். அவர் வாங்கியிருந்தாலும் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்திருப்பார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தவறான விளம்பரம்தான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது தையல் டேப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். “எத்தனை சென்டிமீட்டர், எதனால் செய்தது, எப்போது தூக்கி எறிய வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் இல்லாத பொருளை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அட்டையைப் படிக்க நாய்க்குத் தெரியாது. அதற்காக நாம்தான் படிக்க வேண்டும்.