படக்குறிப்புக்கு எந்த எழுத்து?

பேராக்கின் பழைய தோட்டப் படங்களுக்குச் சிலர் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு எழுதுகின்றனர். ‘Thotta palli’ என்பது தோட்டப் பள்ளியா, தோட்டத்துப் பல்லியா? படத்தைப் பார்த்து நாம் ஊகிக்கலாம். ஆனால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலால் ஊகிக்க முடியாது.

கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட இரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. அதன் படத்திற்கு ஒருவர் ‘paalmaram’ என்றும் மற்றவர் ‘palmaram’ என்றும் எழுதினால், ஒன்றைத் தேடும்போது மற்றொன்று விடுபடும். தமிழில் ‘பால்மரம்’ ஒன்றே.

ஊர்ப்பெயர் இதற்கு விலக்கு. தமிழில் ஈப்போ, இப்போ என இருவகையாக எழுதுவர், ‘Ipoh’ மாறாதது. எனவே, குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் சேர்ப்பதே சிறந்தது என்பது என் கருத்து.