மாத்திரை தொண்டையில நிக்குதா? அண்ணாந்து விழுங்குறதை முதல்ல நிறுத்துங்க!

மாத்திரையை வாயில் போட்டதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, தலையை அண்ணாந்து மடக்கென்று தண்ணீர் குடிப்பது. கேப்ஸ்யூல் விஷயத்தில் பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்குது. கேப்ஸ்யூல் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். அண்ணாந்தால் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிடும்; கேப்ஸ்யூல் முன்பல் பக்கமே மிதந்து நிற்கும். அதனால் செய்ய வேண்டியது நேர் எதிர். நாக்கில் கேப்ஸ்யூலை வைத்து, ஒரு வாய் தண்ணீர் எடுத்து, தாடையை நெஞ்சை நோக்கிக் குனிந்து, அந்த நிலையிலேயே விழுங்கணும். கேப்ஸ்யூல் தானாகவே தொண்டைப் பக்கம் மிதந்து வரும்.

சாதாரண மாத்திரை கனமானது. அதற்கு வேறு வழி. கசங்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நாக்கில் மாத்திரையை வைத்து, பாட்டில் வாயை உதட்டால் இறுக்கி மூடி, உறிஞ்சியபடியே விழுங்கணும். காற்று உள்ளே போகக் கூடாது. பாட்டில் உள்வாங்கி ஒடுங்கினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த இரண்டு முறைகளையும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் சோதித்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலருக்கும் விழுங்குவது எளிதானது.

குழந்தைகள் கதை வேற. காய்ச்சல் அன்னைக்கு, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து மாத்திரையைத் திணிப்பது பல வீடுகளில் நடக்குது. அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். போகாவிட்டாலும் பயம் மட்டும் தங்கிவிடும். பழக்க வேண்டியது உடம்பு நல்லா இருக்கும்போதுதான். ஏழு வயசுப் பையன் ஒருவனை எடுத்துக்குவோம். பெரியவர் பக்கத்தில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் நாள் கேக் மேல் தூவும் ஸ்பிரிங்கிள்ஸில் ஒன்றே ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கட்டும். சிரமமில்லாமல் ஐந்து முறை போனால் அடுத்த நாள் சீரக மிட்டாய், அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. குமட்டினால் திட்டாமல் முந்தைய அளவுக்கே திரும்பணும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். மிட்டாயில் பழக்கினாலும் மாத்திரையை 'மிட்டாய்'னு சொல்லி ஏமாத்தக் கூடாது. பிறகு அவனே போய் டப்பாவைத் திறப்பான்.

'பொடி பண்ணிக் குடுத்துடலாமே'ன்னு கேட்கலாம். எல்லா மாத்திரைக்கும் அது சரிவராது. அட்டையில் SR, ER, XR என்று இருந்தால் மருந்து மெதுவாக வெளியேற வேண்டியது; பொடித்தால் மொத்த டோஸும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பான்டோபிரசோல் போன்றவற்றின் மேல்பூச்சு, வயிற்று அமிலத்திடமிருந்து மருந்தைக் காப்பதற்காக இருப்பது. பொடிக்கும் முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. சிரப்போ கரையும் மாத்திரையோ கிடைக்கலாம்.

சாப்பாடு, தண்ணீர் விழுங்கவே சிரமப்படுபவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இந்த முறைகளைத் தாங்களாக முயற்சிக்கக் கூடாது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை.