சிபாரிசு வேறு, ரெஃபரல் வேறு

கன்னிவாடிப் பக்கம் ஒரு பையன் பி.காம் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிட்டான் என்றால், மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மெட்ராஸ்ல யாரையாவது தெரியுமாப்பா?" அப்புறம் வேட்டை ஆரம்பமாகும். மாமாவுக்குத் தெரிந்தவர், அவருடைய சகலை, அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் மகன் என்று நூல் பிடித்துப் போனால், அதே காலேஜில் நாலு வருஷம் முன்னால் படித்துவிட்டு இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணன் கிடைத்துவிடுவார். கிடைத்தவுடன் அவருடைய அப்பாவுக்கு இந்தப் பையனின் அப்பா போன் போடுவார். "நம்ம பய, நீங்கதான் பார்த்து செய்யணும்."

அந்த அண்ணனால் இனிமேல் "முடியாது" என்று சொல்ல முடியாது. சொன்னால் அது இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நடந்த விஷயமாகிவிடும். அழுத்தம் என்பது இதுதான். "ப்ளீஸ்" போட்டோமா, "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினோமா என்பதில் அது இல்லை. கேட்கப்பட்டவருக்கு மறுக்க வழி இருந்ததா என்பதில்தான் இருக்கிறது.

அங்கே என்னதான் நடக்கிறது?

சிபாரிசு என்றால் நம்மூரில் செல்வாக்கு. பெரிய மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். கம்பெனிகளில் ரெஃபரல் என்பது அப்படிப்பட்ட சமாச்சாரம் இல்லை. பெரும்பாலும் அது ஒரு ஃபாரம், அவ்வளவுதான். வேலை செய்பவர் உள்ளே லாகின் செய்து ஜாப் நம்பர், ஆளின் பெயர், மெயில், போன் நம்பர் போட்டு ரெஸ்யூமை ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே அனேகமாக இரண்டு கேள்விகள் இருக்கும். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வேலைக்கு இவர் ஏன் பொருத்தம்?

முன்பின் பார்த்திராத ஜூனியர் கேட்கும்போது அண்ணனுக்குச் சங்கடம் வருவது இந்த இரண்டு கேள்வியில்தான். ரெஸ்யூம் ஏற்ற ஐந்து நிமிஷம் போதும். ஆனால் "நன்றாகத் தெரியும், திறமையான பையன்" என்று எழுதினால் அது பொய். பையன் இன்டர்வியூவில் சொதப்பினால் அடுத்த தடவை அவர் தரும் பெயருக்கு அந்த டீமில் மதிப்பு குறையும். ஆள் சேர்ந்து சில மாதம் நீடித்தால் ரெஃபர் செய்தவருக்குப் போனஸ் தரும் கம்பெனிகள் நிறைய உண்டு. அதை நினைத்து "அண்ணனுக்கும் லாபம்தானே" என்று சில பேர் மெசேஜிலேயே எழுதுகிறார்கள். அது உதவி கேட்பது போல இல்லாமல் தரகு பேசுவது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெஃபரல் ரெஸ்யூமை ஒரு மனிதர் திறந்து பார்க்கும் வாய்ப்பைக் கூட்டும். வேலை வாங்கித் தராது. டி.சி.எஸ் போல நெக்ஸ்ட்ஸ்டெப் தளத்தில் பதிவு செய்ய வைத்து, தேர்வு நடத்தி, மொத்தமாக ஃப்ரெஷர்களை எடுக்கிற இடத்தில் அண்ணனால் ஆகப்போவது அதிகமில்லை. தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே கேட்டால் அவரால் செய்ய முடியாததைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதுதான் மிச்சம்.

தூரத்து ஆளே போதும்

நெருங்கிய சொந்தம் இருந்தால்தான் காரியம் ஆகும் என்கிற நம்பிக்கையை 1973-லேயே ஒருவர் ஆட்டிவிட்டார். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் நகரத்துப் பக்கம் தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்த சிலரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. கூடவே சுற்றும் நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். தூரத்து ஆளுக்கு வேறு ஒரு உலகம் தெரியும்.

ஆக, மாமா, சகலை என்று சங்கிலி கோர்த்து அந்தச் சீனியரை நெருக்கமாக்க வேண்டிய அவசியமே இல்லை. LinkedIn-ல் காலேஜின் பக்கத்தில் Alumni என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் எந்தக் கம்பெனியில், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார் என்று அதில் பார்க்கலாம். அங்கேயே எழுதலாம். யாரிடமாவது போன் நம்பர் வாங்கி ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடத் தேவையில்லை. சீனியர் ஒரு அக்காவாக இருந்தால் அந்த நம்பர் வேட்டையை அறவே விட்டுவிட வேண்டும்.

போனும் நேரில் போய் நிற்பதும் வேலைக்கு ஆகும் என்று சொல்வார்கள். ஆகும்தான். முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம் என்பதால் ஆகிறது. 2008-ல் ஃபிளின், லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தார்கள். உதவி கேட்பவர்கள் தாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஒத்துக்கொள்வதைக் கண்டார்கள். மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பது கேட்பவர் கணக்கில் வருவதே இல்லை என்பது அவர்கள் சொன்ன ஒரு காரணம். தலையாட்டியவர் எல்லாம் மனசார ஆட்டினார் என்று அர்த்தமில்லை.

ஒரு மெசேஜ்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பையன் லீவு நாளில் திண்டுக்கல்லில் பூட்டு, ஹார்டுவேர் விற்கும் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியிருக்கிறான். சென்னைக் கம்பெனி ஒன்று அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கு ஆள் எடுக்கிறது. அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையர் பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லும் வேலை. கடைசி தேதி 28. பையன் எட்டாம் தேதியே எழுதுகிறான்.

"வணக்கம் அண்ணா. எனக்கு ஊர் கன்னிவாடி. நீங்கள் படித்த டிபார்ட்மெண்டில் இப்போது பி.காம் மூன்றாம் வருஷம். நாம் பேசியதில்லை. உங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். ஜாப் நம்பர் கீழே இருக்கிறது. இரண்டு கோடை லீவில் ஒரு மொத்தக் கடையில் பர்ச்சேஸ் பில்களை டேலியில் ஏற்றி, மாதாமாதம் GSTR-2B-யோடு ஒப்பிட்டிருக்கிறேன். இன்னும் அப்ளை செய்யவில்லை. ஒரே காலேஜ் என்பதைத் தவிர என்னைத் தெரியாத நிலையில் ரெஃபர் செய்வது உங்களுக்குச் சரிப்படுமானால் சொல்லுங்கள், ரெஸ்யூம் அனுப்புகிறேன். சரிப்படாவிட்டால் ஒன்றுமில்லை, பதில் போட வேண்டியதில்லை. 20-ம் தேதி நேரடியாக அப்ளை செய்துவிடுவேன்."

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. அந்தத் தேதிதான் அண்ணனுக்கு வைத்த வாசல். 20-ம் தேதி வரை பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். பையன் அப்ளை செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ப்ளூ டிக் விழுந்ததா என்று பார்த்து "பார்த்தீங்களா அண்ணா?" என்று தட்ட வேண்டிய வேலையே இல்லை. அவருக்கும் மறுத்துவிட்டோமே என்ற உறுத்தல் இல்லை.

அதுவரை அப்ளை செய்யாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. பல கம்பெனிகளில் நேரடியாக அப்ளை செய்த ஆளை அதற்கப்புறம் ரெஃபர் செய்தால் கணக்கில் எடுப்பதில்லை, முதலில் வந்த வழிதான் பதிவாகும். அதே காரணத்துக்காக ஒரே கம்பெனியில் மூன்று சீனியர்களிடம் ஒரே சமயத்தில் கேட்கக் கூடாது. இரண்டு பேர் ஃபாரம் போட்டுவிட்டால் ஒருவர் மெனக்கெட்டது வீண், இரண்டு பேருக்கும் விஷயமும் தெரிந்துவிடும்.

"ஒரே காலேஜ் என்பதைத் தவிர" என்ற வார்த்தைகளும் சும்மா போட்டதல்ல. ஃபாரத்தின் முதல் கேள்விக்கு அண்ணன் உண்மையையே எழுதிக்கொள்ளலாம். பில் ஒப்பிட்ட வரியை இரண்டாவது கேள்விக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மறுக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னால் எல்லாரும் மறுத்துவிட மாட்டார்களா? ஃபிரான்சில் கெகன், பாஸ்கல் என்ற இருவர் 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டபோது பத்து சதவீதம் பேர் கொடுத்தார்கள். "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். இதை ஒரு தந்திரமாக மனப்பாடம் செய்தால் பிரயோஜனமில்லை. "உங்கள் இஷ்டம்" என்று எழுதிவிட்டு மறுநாள் போன் போட்டால் எழுதியது பொய் என்று தெரிந்துவிடும்.

"சும்மா கொஞ்சம் அட்வைஸ் கேட்கத்தான்" என்று ஆரம்பிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. மூன்று நாள் அட்வைஸ் கேட்டுவிட்டு நாலாவது நாள் ரெஸ்யூமை நீட்டினால், பேசிப் பழகிய பிறகு அவரால் இன்னும் மறுக்க முடியாது. முதல் மெசேஜிலேயே வேண்டியதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

"பார்க்கலாம்" என்றால்

நம் ஆட்கள் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள். ஆகவே பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். "ரெஸ்யூம் PDF-ஆ அனுப்பு, பேங்க்ல குடுத்த மெயில் இல்லாம எப்பவும் பாக்குற மெயில் ஐடி எது?" என்று கேட்டால் அவர் ஃபாரத்தைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். "பார்க்கலாம்பா", "அனுப்பி வை, ஹெச்.ஆர்-ட்ட பேசிப் பாக்குறேன்" என்று ஜாப் நம்பரைப் பற்றிப் பேச்சே இல்லாமல் வந்தால், அது அனேகமாக நாசூக்கான மறுப்பு. "சரிண்ணா, ரொம்ப நன்றி" என்று எழுதி, சொன்ன தேதியில் அப்ளை செய்துவிட வேண்டும். மறுப்புக்குப் பின்னால் கம்பெனி விதியும் இருக்கலாம். ஹெச்.ஆரில் இருப்பவர், ஆள் எடுக்கிற மேனேஜர் போன்றவர்களுக்குச் சில இடங்களில் ரெஃபர் செய்யும் தகுதி கிடையாது. ஏன் என்று துருவக் கூடாது.

ரெஃபர் செய்துவிட்டார் என்றால் அநேக இடங்களில் பையனுக்கு ஒரு மெயில் வரும். அதிலுள்ள லிங்கில் போய் மீதி விவரங்களை நிரப்பினால்தான் விண்ணப்பம் முழுமையாகும். அது ஸ்பேமில் கிடந்து வீணாவது உண்டு. நிரப்பியதும் அண்ணனுக்கு ஒரு வரி, இன்டர்வியூ வந்தால் ஒரு வரி, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வரி. நடுவில் "என்னாச்சுண்ணா, உள்ள விசாரிச்சீங்களா?" என்ற கேள்வி மட்டும் கூடாது. ஃபாரம் போட்டதோடு அவர் வேலை முடிந்தது.