எந்தக் காமாலை என்று யாரும் கேட்கவில்லை

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் போன வருடம் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டு மாத கர்ப்பம். கண்ணும் நகமும் மஞ்சள். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி. அவருடைய மாமியார் என்னிடம் சொன்னார்: "கம்பெனி சூடு தானுங்க கண்ணு. கீழாநெல்லி அரைச்சு மோருல குடுத்துட்டு இருக்கறோம். இன்னும் மூணு நாள் பத்தியம், தெளிஞ்சுரும்." அந்தப் பெண்ணுக்கு ஒரு தனி டம்ளரும் தட்டும் வைத்திருந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளைக்கூட அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் இரவு அவர் நேரம் தெரியாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. அவர் பிழைத்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மருத்துவமனை கொடுத்த சீட்டில் "காமாலை" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. எந்தக் காமாலை, எங்கிருந்து வந்தது என்று எதுவும் எழுதவில்லை. "கர்ப்ப அட்டையில மஞ்சள் காமாலை டெஸ்ட் இல்லைன்னுதானே போட்டிருக்குதுங்க, அப்புறம் எப்படிங்க?" என்று அவருடைய கணவர் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, கல்லீரல் பாதிக்கப்பட்டதற்கான அடையாளம். அதை உண்டாக்கும் வைரஸ்கள் பல. கர்ப்பிணி அட்டையில் பதிவாகும் சோதனை ஹெபடைடிஸ் பி-க்கானது. அது இரத்தம், பாலுறவு, பிரசவம் வழியாகப் பரவுவது. குடிநீரில் மலம் கலந்தால் வருபவை ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற வேறு இரண்டு. பி இல்லை என்று அட்டை சொன்னால் இ இல்லை என்று பொருளாகாது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஹெபடைடிஸ் இ-க்கான ஐஜிஎம் இரத்தச் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஏ, இ இரண்டும் ஒரே வழியில் வந்தாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் வேறுபடுகின்றன. நம் ஊர் போன்ற இடங்களில் ஏ பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்துவிடும். குழந்தைக்கு லேசான காய்ச்சலாக, பல சமயம் காமாலையே தெரியாமல் போகும். அதன்பின் ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி இருக்கும். இ அப்படியல்ல. அது கண் மஞ்சளாகும் அளவுக்குத் தாக்குவது பெரும்பாலும் பதினைந்து முதல் நாற்பது வயதுக்காரர்களை. அதுதான் வேலை செய்யும் வயது, பிள்ளை பெறும் வயதும் அதுதான்.

இந்த வேறுபாடுதான் ஒரு புதிய வைரஸ் இருப்பதையே காட்டிக்கொடுத்தது. 1978 நவம்பரில் காஷ்மீரின் சோப்பூர் பகுதியில் காமாலை பரவத் தொடங்கியது. சுத்திகரிக்காத ஓடை நீரைக் குடித்த இருநூறு கிராமங்கள், ஏறத்தாழ 52,000 நோயாளிகள், 1,700 மரணங்கள். அங்கே வேலை பார்த்த இளம் மருத்துவர் முகமது சுல்தான் குரூ ஒன்றைக் கவனித்தார். காஷ்மீரில் பெரியவர்கள் அநேகமாக எல்லோருக்கும் சிறுவயதிலேயே ஏ வந்து போயிருக்கும். அப்படியிருக்க, இளம் வயதுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் படுப்பது எப்படி? இரத்தத்தைச் சோதித்தபோது அது ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல என்று தெரிந்தது. 1990-இல் அந்த வைரஸின் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது 'இ' என்ற பெயர் நிலைத்தது.

அதே கொள்ளைநோயில் குரூவின் குழு வீடு வீடாகப் போய் எண்ணியது. 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்குக் காமாலை. அதாவது நூற்றுக்குப் பதினேழு. கர்ப்பமில்லாத பெண்களிடம் நூற்றுக்கு இரண்டு, ஆண்களிடம் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதைவிட முக்கியம் அடுத்த எண்ணிக்கை. அந்த 36 கர்ப்பிணிகளில் 8 பேருக்குக் கல்லீரல் முற்றாகச் செயலிழந்தது. எட்டுப் பேருமே கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்கள். காமாலை வந்த கர்ப்பமில்லாத பெண்கள் 71 பேரில் ஒருவருக்கும் அது நடக்கவில்லை. அதே ஊர், அதே ஓடை, அதே வைரஸ். வேறுபாடு கர்ப்பம் மட்டும்தான். சாதாரணமாக நூறில் ஓரிருவரைக் கொல்லும் இந்த நோய், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் நூறில் இருபது, இருபத்தைந்து பேரைக் கொல்கிறது. ஹெபடைடிஸ் ஏ கர்ப்பிணிகளை இப்படித் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை.

ஏன் இப்படி? வயிற்றில் வளரும் குழந்தையை உடல் அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க, கர்ப்ப காலத்தில் எதிர்ப்புச் சக்தி தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. ஹார்மோன்கள் பல மடங்கு உயர்கின்றன. இந்தச் சூழலில் வைரஸ் பெருகுவதை உடலால் கட்டுப்படுத்த முடியாமல் போகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நம் நாட்டில் தண்ணீர் வழியாகப் பரவும் முதலாம் வகை வைரஸுக்கே இந்தக் குணம் அதிகம். கல்லீரல் கெட்டால் இரத்தம் உறைவதற்கான புரதங்கள் உற்பத்தியாவதில்லை. பிரசவத்தின்போது இரத்தம் நிற்காமல் போவது அதனால்தான். மூளைக்கு நச்சு ஏறினால் மயக்கமும் குழப்பமும் வரும். வைரஸ் குழந்தைக்கும் போகும். குறைப்பிரசவம், வயிற்றிலேயே இறப்பு இரண்டும் நடக்கும்.

இதற்கென்று கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய வைரஸ் மருந்து கிடையாது. ரிபாவிரின் என்ற மாத்திரை குழந்தைக்கு ஆபத்து என்பதால் கொடுக்க முடியாது. செய்யக்கூடியது கல்லீரல் செயலிழப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் வைத்திருப்பது. பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சு குழறுவது, ஈறில் இரத்தம் கசிவது இவையெல்லாம் எச்சரிக்கை. அதற்கும் முன்பே காட்டுவது இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி-ஐ.என்.ஆர் சோதனை. மஞ்சள் அளவு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், ஐ.என்.ஆர் எவ்வளவு என்றும் கேளுங்கள். கீழாநெல்லியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மற்றவர்களுக்கு இந்தக் காமாலை பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும், பெயர் மருந்துக்குப் போகும். கர்ப்பிணிக்கு அந்த மூன்று நாள் காத்திருப்பு உயிரையே எடுக்கலாம்.

இனி தண்ணீருக்கு வருவோம். திருப்பூரில் தண்ணீர் என்றாலே நாம் சாயத்தைப் பேசுவோம். நொய்யலின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் வழக்கு நடந்தது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் சாயக்கழிவு இந்தக் காமாலையைக் கொண்டுவராது, மலம்தான் கொண்டுவரும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது, நாடே பார்த்தது. தொட்டி சுத்தமாக இருந்தாலும் குழாய் வழியாக மலம் வந்துகொண்டிருப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

அது நடக்கும் விதம் எளிமையானது. தண்ணீர் இரண்டு நாளுக்கு, நான்கு நாளுக்கு ஒருமுறை வருகிறது. காலனி பெரும்பாலும் குழாயின் கடைசியில். அழுத்தம் இல்லாததால் குழாயை அறுத்துத் தாழ்த்தி, குழி தோண்டி, அதற்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறோம். மேலே இருக்கும் வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார். விநியோகம் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறது, வெடிப்பு வழியாகச் சாக்கடை நீரும் குழி நீரும் உள்ளே இழுபடுகின்றன. இருபது லைன் வீட்டுக்கு இரண்டு கழிப்பறை, அதன் குழி நிரம்பி வழிவது அந்தச் சாக்கடையில். மறுமுறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது எது என்று யோசித்துப் பாருங்கள்.

புகார் கொடுத்தால் வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பார்கள். "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை வரும். இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, இ வைரஸ் உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரம் ஆகும், சராசரி நாற்பது நாள். ஆகஸ்ட் முதல் வாரம் கண் மஞ்சளானால் குற்றவாளி ஜூன் கடைசியில் வந்த தண்ணீர். ஆகஸ்டில் பிடித்த பாட்டில் எதையும் நிரூபிக்காது. இரண்டு, பாக்டீரியா இல்லை என்றால் வைரஸ் இல்லை என்று அர்த்தமல்ல. 1955 நவம்பரில் யமுனை விலகியதால் டெல்லியின் வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் நஜாஃப்கர் சாக்கடை புகுந்தது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு அதிகரிக்கவில்லை, ஆனால் சில வாரம் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. பாக்டீரியா செத்தது, வைரஸ் கடந்துவிட்டது. சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டு கழித்துச் சோதித்தபோதுதான் அதுவும் இ என்று தெரிந்தது. அப்போதும் கர்ப்பிணிகளே அதிகம் இறந்தார்கள்.

ஆகவே, மாணவத் தோழர்களே, காமாலை என்று கேள்விப்பட்டால் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தெரு, எந்த வாரம், என்ன வயது. இ ஒரு வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றுவதில்லை. ஒரே தெருவில் இளம் வயதுக்காரர்கள் நான்கைந்து பேர் படுத்தால் சந்தேகிக்க வேண்டியது குழாயை. கழிப்பறை போனபின் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். தனி டம்ளர் எதற்கு? டம்ளரைப் பிரித்து வைப்பதன் வலி தெரிந்த நாமே அந்தப் பெண்ணுக்கு அதைச் செய்தோம்.

குளோரினைத் தொட்டிக்கடியில் அல்ல, கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், வராவிட்டால் ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். அந்தத் தெருவின் கர்ப்பிணிகள் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும், குழாய் சரியாகும்வரை அவர்கள் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிநேர ஷிப்டு முடித்து வருபவர் தினம் ஐந்து குடம் காய்ச்ச முடியாது, சிலிண்டரும் தாங்காது. குடிக்கிற அளவுக்காவது கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். கம்பெனியில் குடிக்கும் தண்ணீரையும் கேளுங்கள், பகல் முழுக்க அவர்கள் குடிப்பது அதைத்தான்.

கொதிக்க வைப்பது அவசரத்துக்கு, உரிமைக்குப் பதில் அல்ல. நம் கோரிக்கை ஒன்று: கர்ப்பிணி ஒருவருக்குக் காமாலை வந்தால் எந்த வைரஸ் என்று சோதித்துச் சீட்டில் எழுத வேண்டும், அது இ என்றால் நாற்பது நாள் பின்னோக்கிப் போய் அந்தத் தெருவின் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நான் சொன்ன அந்தப் பெண் இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். அவர் வீட்டு வாசல் குழியில் இன்றைக்கும் குடம் இறங்குகிறது.