முதுகில் கிளிப், முன்னால் அழகு!

துணி விளம்பரத்தில் ஓர் இளைஞர் நிற்கிறார். வெள்ளைக் குர்தா அணிந்திருக்கிறார். அளவெடுத்துத் தைத்தது போல அது உடம்பில் பொருந்தியிருக்கிறது.

அதே குர்தாவை வாங்கி வந்து வீட்டில் போட்டுப் பார்த்தால், சாக்குப்பை போலத் தொங்குகிறது! தையல்காரர் மீது குற்றமா? இல்லை. குற்றம் படத்தில் இருக்கிறது.

மறைந்த 4 அங்குலம்

அந்த இளைஞரின் மார்பு 38 அங்குலம். குர்தாவின் மார்புச் சுற்றளவு 46 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி 8 அங்குலம் தளர்வாக இருக்கும். படம் எடுக்கும்போது, அதில் 4 அங்குலத்தை முதுகுப்பக்கம் மடித்து, கிளிப் போட்டுவிடுகிறார்கள். முன்னால் இருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

ஆனால் தையல் காட்டிக்கொடுத்துவிடும்! பக்கத் தையல் அக்குளில் இருந்து நேராக இறங்க வேண்டும். அது முதுகுப்பக்கம் இழுபட்டிருந்தால், மார்பில் இருந்து பின்னோக்கிச் சுருக்கம் ஓடினால், பின்னால் கிளிப் இருக்கக்கூடும்.

கைகட்டி நிற்கும் படமும் பயன்படாது. கை, மார்பையும் வயிற்றையும் மறைத்துவிடுகிறது. கைகளைத் தொங்கவிட்டு ஒரு படம், நடந்து வருவது போல ஒரு படம் வேண்டும். நடக்கும்போதுதான் துணியின் குணம் தெரியும். மெல்லிய துணி காலோடு ஒட்டி, மடிப்பு மடிப்பாக விழும். தடித்த பருத்தித் துணி விலகி நிற்கும்.

நிறத்தை ஏன் மாற்ற வேண்டும்?

"கறுத்த மேனியில் வெள்ளைத் துணி எடுபடாது" என்று சிலர் சொல்லுகிறார்கள். இது தவறு. வெள்ளைத் துணி வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதைக் கண்டு காமிரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் முகம் இருண்டுவிடுகிறது. பழி மட்டும் மேனியின் மீது விழுகிறது!

பிறகு முகம் வெளுப்பாகத் தெரிய, படம் முழுவதையும் வெளுக்கச் செய்கிறார்கள். அப்போது துணியின் நெசவும் மடிப்பும் மறைந்துவிடுகின்றன. சந்தன நிறம் வெள்ளையாகிவிடுகிறது. அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிகிறது. மேனி நிறத்தை மாற்றப் போய், விற்கிற துணியின் நிறத்தையே மாற்றிவிடுகிறார்கள்!

இதற்கு வழி எளிது. முகத்துக்கு அருகில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால், வெளிச்சம் முகத்தில் விழும். மேனியும் துணியும் உள்ளபடி தெரியும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது

தனக்குப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளக்க வேண்டும். 21 அங்குலம் இருந்தால், சுற்றளவு 42. விளம்பரத்தில் உள்ள உடுப்பின் அளவை அதோடு ஒப்பிட வேண்டும்.

விற்கிறவர்களும், உடுத்தியவரின் மார்பளவையும் உடுப்பின் அளவையும் படத்தின் கீழே போடவேண்டும். கிளிப்பை எடுத்துவிட வேண்டும். தளர்வான குர்தா தளர்வாகவே தெரியட்டும்! அதை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.