மாடத் தோட்டப் பிரசுரமும் வேலையின் வரிசையும்

நமது பத்திரிகையை வாசிப்போரில் பெரும்பாலோர் ஏக்கர்க் கணக்கில் நிலமுடையவர்கள். அவர்களுக்கு மேல்மாடியின் பால்கனியில் ஆறு பைகளில் தக்காளி வளர்ப்பதைப் பற்றி எழுதுவது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் அத்தகைய பிரசுரம் ஒன்றை எழுதி, அதனால் ஒருவருக்கு நஷ்டம் விளைந்த பின்பு அதைத் திருத்தி எழுதிய அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது, நிலத்திற்கென நாம் அச்சிடும் பிரசுரங்களுக்கும் பொருந்துமாதலால் இதை எழுதத் துணிகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கிராம நிர்வாக அலுவலர் என்னிடம் வந்தார். சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் அவருடைய புதல்வி, நான் எழுதிய பிரசுரத்தைப் பார்த்தே தக்காளி வைத்தாராம். “ஐயா, சொன்னபடியேதான் செய்தாள், ஒரு காய்கூடக் காணவில்லை” என்றார். அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். பிரசுரத்தில் 14 குறிப்புகள் இருந்தன. அவர் முதலாவதில் தொடங்கி, ஒன்றை முடித்து அடுத்ததைப் படித்து, அச்சிட்ட வரிசையிலேயே நடந்திருக்கிறார். முதற் குறிப்பு பையில் மண் கலவை நிரப்புவது, இரண்டாவது விதைப்பு, மூன்றாவது உரம். வெயில் எவ்வளவு வேண்டும் என்பது எட்டாவது. விதை நேர்த்தி, நோய்கள் என்ற தலைப்பின் கீழ் பதினோராவது. முட்டுக்கோல் பதின்மூன்றாவது.

குறிப்புகளில் ஒன்றும் பிழையில்லை. பிழை அவை நின்ற இடத்தில் இருந்தது. மண், விதை, உரம், நீர், வெயில், பூச்சி, நோய் என்று பாடப்புத்தகம் பகுத்தபடி நான் எழுதியிருந்தேன். அது பொருளின் வரிசை. கை செய்யும் வேலையின் வரிசையன்று.

அந்த அம்மையாரின் பால்கனி தெற்கு நோக்கியது. அவர் விதைத்தது ஆனி மாதம். சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் சூரியன் நடுப்பகலில் தலைக்கு வடபுறமாகச் செல்கிறது. ஆதலால் அக்காலத்தில் தென்புற மாடத்தில் நேர் வெயில் விழுவதேயில்லை எனலாம். மார்கழியிலோ சூரியன் தெற்கே நன்கு சாய்ந்து, மேல்தளத்தின் நிழலையும் கடந்து உள்ளே வெயில் அடிக்கும். தக்காளிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அவர் எட்டாவது குறிப்பை எட்டியபோது பைகள் நிரம்பி, நாற்றுகள் வெளிறி, கணுவுக்குக் கணு நீண்டு, வெளிச்சம் வந்த பக்கமாகச் சாய்ந்து நின்றன. பைகளை வேறிடம் மாற்றலாமென்றால், 20 லிட்டர் பிடிக்கும் பை ஒன்று நனைந்த கலவையுடன் 15 கிலோவுக்குக் குறையாது. ஒற்றை ஆளாக அவர் எப்படி நகர்த்துவார்?

பதினோராவது குறிப்பு அதைவிட மோசம். விதையை டிரைக்கோடெர்மா விரிடியுடன் புரட்டி விதைக்க வேண்டுமென்று அதில் எழுதியிருந்தேன். அதை அவர் படித்தபோது நாற்றுகளிற் பாதி, மண்மட்டத்தில் தண்டு நூல்போல் இறுகிக் கருத்துச் சாய்ந்துவிட்டிருந்தன. நாற்றழுகலின் அடையாளம் அதுவே. விதைத்த பிறகு விதை நேர்த்தியைப் பற்றிப் படிப்பதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இத்தகைய பிரசுரங்கள் நமது விவசாயிகளுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதேன் என்று யோசித்தேன். நாற்றங்காலில் விதை விட்ட அன்றே நடவு வயலின் உழவும் தொடர வேண்டுமென்பதை எந்த விவசாயிக்கும் அச்சிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை அவர் கையிலேயே இருக்கிறது. நாம் எப்படி மாற்றி எழுதினாலும் அவர் வேண்டியதை வேண்டிய இடத்தில் எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். நமது எழுத்தின் குறை அவருடைய அறிவினால் மறைந்து வந்திருக்கிறது. ஒரு விதையும் இட்டறியாத பட்டணத்துப் பெண்மணியிடம் அது வெளிப்பட்டுவிட்டது.

திருத்தும் வேலையை மேஜையின் மீது காகிதமும் பேனாவுமாகத் தொடங்கி இரண்டு முறை தோற்றேன். பழைய வாக்கியங்களே பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு கத்தரிக்கோல் கொண்டு பிரசுரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும், “இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு விடை எழுதினேன். அப்போது ஒன்று புலப்பட்டது. சில துண்டுகளுக்கு ஒரே விடை இல்லை. உரம் என்ற ஒரு பத்தியில் மூன்று காலத்து வேலைகள் அடங்கியிருந்தன: கலவையிற் சேர்க்கும் வேப்பம் பிண்ணாக்கு, நட்டு இரண்டு வாரம் சென்று இடும் மண்புழு உரம், பூக்கும் தருணத்தில் மறுபடி இடுவது. அதை மூன்றாக வெட்டினேன். பதினான்கு துண்டுகள் இருபத்திரண்டு ஆயின. அவற்றைத் தரையிற் பரப்பி வரிசைப்படுத்தியபோது ஒற்றைக் கோடாக வராமல், நாற்று ஒரு புறமும் பை ஒரு புறமுமாக இரண்டு கோடுகள் சிறிது தூரம் ஓடி, நடவு நாளில் ஒன்று சேர்ந்தன. நாற்றங்காலும் வயலும் போலவேதான்!

புதிய பிரசுரம் இப்படிச் செல்கிறது. எதையும் விலைக்கு வாங்குமுன் ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை பால்கனியைப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறதென்று சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். 6 மணிக்குக் குறைந்தால் தக்காளியை விட்டுக் கீரைக்குச் செல்லலாம், அல்லது வெயில் திரும்பும் மாதத்திற்குக் காத்திருக்கலாம். அன்றே ஒரு வாளி நீரைக் கொட்டி, அது எங்கே வடிகிறதென்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டார் துணி உலர்த்தும் இடத்தில் வடியுமானால், தட்டும் வாங்கவேண்டிய பொருள்களுள் சேரும்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டியைப் பெரிய தொட்டியில் 20 முதல் 25 லிட்டர் நீர் விட்டு ஊறவைத்தால் உதிர்ந்து பல மடங்காகப் பெருகும். இதில் உப்பு இருப்பதால், பிழிந்து நீரை மாற்றி, வடியும் நீரின் செந்நிறம் நன்கு வெளுக்கும் வரையில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் இலையின் ஓரம் கருகும். பழைய பிரசுரத்தில் இது “மண்” என்ற தலைப்பில் பைக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் நாற்று விடும் குழித்தட்டுக்கும் இதுவே வேண்டும். ஆகவே இரண்டு கோடுகளும் பிரிவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விதையைச் சிறிது நீர் தெளித்து, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவுடன் புரட்டி, நிழலில் உலர்த்தி, குழிக்கு ஒன்றாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட வேண்டும். ஐந்தாறு நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும்.

நாற்று தட்டில் இருக்கும்போதே, பத்தாம் நாளளவில் பையின் வேலை. வெறும் பைகளைச் சுண்ணக்குறியிட்ட இடத்தில், கூடியவரை சுவரை ஒட்டி வைத்துவிட்டு, அங்கேயே நிரப்ப வேண்டும். செம்மண், அலசிய நார்க்கழிவு, நன்கு மக்கிய எரு மூன்றும் சம அளவு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நீர் விட்டு இரண்டு வாரம் ஈரமாக ஆறப்போட்டால் கலவை நாலைந்து விரற்கடை இறங்கும். அதன்பின் மேலே நிரப்பிக்கொள்ளலாம். எரு மக்காததாயிருந்தால் கையை உள்ளே விட்டவுடன் வெம்மை தெரியும். அந்த வெம்மை தணியுமுன் நடலாகாது. நிரப்பிய அன்றே நடுபவர்க்கு இதை அறிய வழியே இல்லை.

இருபத்தைந்தாம் நாளையொட்டி மாலை நேரத்தில் நடவு. முட்டுக்கோலை முதலில் ஊன்றி, அதனருகே நாற்றைக் கீழிலை வரையில் புதைய நட வேண்டும். புதைந்த தண்டிலும் வேர் விடும் இயல்பு தக்காளிக்கு உண்டு. செடி சாய்ந்த பிறகு கோல் ஊன்றினால், பை முழுவதும் பரவிய வேரைக் குத்திக்கொண்டுதான் அது இறங்கும். பூக்கத் தொடங்கியபின் காலையில் அந்தக் கோலையே விரலால் தட்டிவிட்டால் பூவின் மகரந்தம் உதிரும். காற்றோட்டம் குறைந்த மாடங்களில் பூ உதிர்ந்து காய் பிடியாமைக்கு இது பல இடங்களில் பரிகாரமாயிருக்கிறது.

என் சக ஊழியர் ஒருவர் இதை ஒப்பவில்லை. “செடியில் வெள்ளை ஈ கண்டவன் இருபத்திரண்டு பத்திகளையும் தேடுவானா? பூச்சி என்ற தலைப்பு இருந்தால் நேரே அங்கே போவான்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பூச்சி நாள் பார்த்து வருவதில்லை. நீர் பாய்ச்சுவதும் அப்படியே. விரலை இரண்டு கணு ஆழம் விட்டு ஈரம் தட்டாதபோது விடுவதன்றி அதற்குத் தேதி கிடையாது. இவ்விரண்டையும் வரிசையிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தில் அடையாளத்தை முன்னிட்டும் செய்கையைப் பின்னிட்டும் எழுதினேன். ஆனால் விதை நேர்த்தியையும் வேப்பம் பிண்ணாக்கையும் அந்தப் பக்கத்திற்கு அனுப்ப நான் இசையவில்லை. அவை நோயைப் பற்றியவையாயினும், நோய் வருவதற்கு முன் செய்பவை.

கையெழுத்துப் பிரதியை அதே அம்மையாருக்கே அனுப்பினேன். ஒரு பத்தியைச் செய்து முடிக்கும் வரையில் அடுத்ததைப் படிக்க வேண்டாமென்றும், பின்னோக்கித் திரும்ப நேர்ந்தால் அந்த இடத்தில் கோடிட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டேன். கார்த்திகையில் தொடங்கினார். மூன்று கோடுகள் வந்தன. பழைய தட்டைக் கொதிநீரில் கழுவச் சொன்ன வரி விதைப்புக்குப் பின்னால் இருந்தது. அளவுக் குவளை எதுவென்று சொல்லவில்லை. மூன்றாவது, “நான்கு இலை விட்டதும் நடுக” என்றது. முதலில் வரும் இரண்டு வித்திலைகளையும் சேர்த்து எண்ணி, அவர் நாற்றை ஒரு வாரம் முந்திப் பிடுங்கப் போயிருக்கிறார். நிலத்தில் வேலை செய்யும் நம்மில் ஒருவரும் அவற்றை எண்ணுவதில்லை. அதனாலேயே எழுத மறந்தோம். தை மாதக் கடைசியில் ஆறு பைகளில் ஐந்து காய்த்திருந்தன. ஆறாவது தூணின் நிழலில் இருந்தது.

இப்போது கத்தரிக்கும் கீரைக்கும் தனித்தனியே எழுதி வருகிறேன். கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள் செல்லுமாதலால் பையின் வேலை அதற்கேற்பப் பிந்தித் தொடங்கும். சிறுகீரைக்கு நாற்றே இல்லை. நேர் விதைப்பு, ஒரே கோடு. “பொதுக் குறிப்புகள்” என்று எல்லாப் பயிர்களையும் ஒரே தாளில் அடக்குவது இனி இயலாதென்றே தோன்றுகிறது. தக்காளிக்கான புதிய பிரதி அச்சில் இருக்கிறது. பழைய 14 குறிப்புத் தாள்கள் கிராம அலுவலகங்களில் எஞ்சியிருந்தால், அவற்றை ஒருவருக்கும் கொடாமல் எனக்கே திருப்பி அனுப்பும்படி அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.